முப்பத்தாறாம் நாள் சிரிப்பு

2012 அக்டோபர் கடைசியில் ‘சாண்டி’ புயல் அமெரிக்காவின் கிழக்குக் கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. நியூயார்க்கில் சுரங்க ரயில்கள் நிறுத்தப்பட்டன. தாழ்வான பகுதிகளில் இருந்தவர்களை வெளியேறச் சொல்லி அறிவிப்பு வந்தது. அந்த நாட்களில் ட்விட்டரில் ஒரு கணக்கு, புயலே வாய் திறந்து பேசுவதுபோலப் பதிவுகள் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு பதிவில், ‘ஆலிவ் கார்டன்’ உணவகத்தின் கூரையைப் பிய்த்தெறிந்துவிட்டதாகப் புயல் பெருமையடித்துக்கொள்கிறது. இனி எல்லோருக்கும் ரொட்டி இலவசம் என்று அறிவிக்கிறது. அந்த உணவகத்துக்கு அமெரிக்கா முழுவதும் கிளைகள் உண்டு. கேட்கக் கேட்கத் தட்டில் வந்து விழும் நீள ரொட்டிதான் அதன் அடையாளம்.

கொலராடோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பீட்டர் மெக்ரா, தன் சக ஆய்வாளர்கள் கேலப் வாரன், லாரன்ஸ் வில்லியம்ஸ் ஆகியோருடன் சேர்ந்து இப்படிப்பட்ட மூன்று பதிவுகளை எடுத்துக்கொண்டார். புயல் கரையைத் தொடுவதற்கு முந்தைய நாளில் தொடங்கி, 99 நாள் வரை, வெவ்வேறு தேதிகளில் அவற்றை மக்களிடம் காட்டி, எவ்வளவு வேடிக்கையாக இருக்கிறது என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பதில் சொன்னார்கள். பதிவுகளில் ஓர் எழுத்தும் மாறவில்லை, ஆனால் மதிப்பெண் ஏறி இறங்கியது. புயலுக்கு முந்தைய நாள் அவை நன்றாகவே சிரிப்பு மூட்டின. சேதத்தின் அளவு தெரியத் தெரியச் சிரிப்பு சரிந்து, 15ஆம் நாள் வாக்கில் அடிமட்டத்துக்குப் போனது. பிறகு மெல்ல ஏறி, 36ஆம் நாள் உச்சம் தொட்டது. அதன்பின் மறுபடி விழுந்து, 99ஆம் நாள் யாரையும் பெரிதாக அசைக்காத பழங்கதையாகிப்போனது.

சோகத்தோடு காலம் சேர்ந்தால் நகைச்சுவை என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது உண்மையாக இருந்தால், நாள் ஆக ஆகச் சிரிப்பு கூடிக்கொண்டேதான் போகவேண்டும். புயலுக்கு முன்பே மக்கள் சிரித்ததையும், 36ஆம் நாளுக்குப் பிறகு சிரிப்பு வற்றியதையும் அந்தக் கணக்கால் விளக்க முடியாது. மெக்ராவும் வாரனும் 2010இல் முன்வைத்த ‘தீங்கற்ற மீறல்’ என்ற கருத்து இந்த இரண்டு முனைகளுக்கும் சேர்த்து விடை சொல்கிறது.

அதன் விதை, தாமஸ் வீச் என்ற மொழியியலாளர் 1998இல் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. சிரிப்பு வர மூன்று நிபந்தனைகள் கூடிவர வேண்டும். முதலாவது, உலகம் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று நாம் வைத்திருக்கும் ஏதோ ஒன்று மீறப்பட வேண்டும். அது உடலுக்கு வரும் மிரட்டலாக இருக்கலாம், ஒழுக்கமாக, மரியாதையாக, இலக்கணமாக இருக்கலாம். இரண்டாவது, அந்த மீறலால் கெடுதல் ஒன்றுமில்லை என்று மனதுக்குப் படவேண்டும். மூன்றாவதைத்தான் பலரும் கவனிக்கத் தவறுகிறார்கள்: இந்த இரண்டும் ஒரே நேரத்தில் மனதில் இருக்கவேண்டும். ‘தப்பு’ என்பது மட்டும் இருந்தால் கோபமோ பயமோ அருவருப்போ வரும். ‘பரவாயில்லை’ என்பது மட்டும் இருந்தால் ஒன்றுமே வராது.

உணவகப் பதிவை இந்த நிபந்தனைகளோடு வைத்துப் பாருங்கள். கட்டடத்தின் கூரை பறக்கிறது, உயிருக்கு ஆபத்தான ஒன்று அது. இவ்வளவு பெரிய அழிவைச் செய்துவிட்டு வெட்கமில்லாமல் பெருமை பேசுவது இன்னொரு மீறல். மறுபக்கம், பேசுவது ஒரு காற்று; அதற்கு வாயும் கிடையாது, வன்மமும் கிடையாது. போனது ஒரு பெரிய நிறுவனத்தின் கூரை, யாருடைய வீடும் அல்ல. கிடைப்பதோ, அங்கே எப்படியும் இலவசமாகக் கொடுக்கிற ரொட்டி. ஆபத்தும் அற்பமும் ஒரே வாக்கியத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. அதே புயல் ஒரு முதியோர் இல்லத்தின் கூரையைப் பிய்த்ததாகச் சொல்லியிருந்தால், வாக்கிய அமைப்பு அப்படியே இருந்தும் சிரிப்பு செத்திருக்கும்.

இப்போது அந்த ஏற்ற இறக்கம் புரியும். முந்தைய நாள் புயல் வெறும் செய்தி, பயமும் ஊகம்தான். கரையைத் தொட்டபின் குவீன்ஸ் பகுதியின் பிரீஸி பாயின்ட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் தீக்கிரையாயின. சுரங்க ரயில் பாதைகளில் கடல்நீர் புகுந்தது. இறந்தவர்களின் எண்ணிக்கை ஏறியது. மீறல் பெரிதாகிப் பாதுகாப்பு உணர்வு அறுந்தது. ஐந்து வாரம் கடந்தபோது வலி ஓரளவு ஆறியிருந்தது, ஆனால் நினைவு இன்னும் சூடாக இருந்தது. இரண்டும் சம அளவில் சந்தித்த இடம் அது. மூன்று மாதம் போனதும் அந்தச் சூடும் அடங்கிவிட்டது. மீறலில் மீறல் என்று சொல்லும்படி ஒன்றும் மிச்சமில்லை.

இந்த ஆய்வைப் படிக்கும்போது ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. அமெரிக்கர்கள் அந்தப் பதிவுகளைப் படித்துச் சிரித்த முந்தைய நாளிலேயே சாண்டி கரீபியன் தீவுகளைக் கடந்து வந்திருந்தது. ஹைட்டியிலும் கியூபாவிலும் ஏற்கெனவே பலர் இறந்திருந்தார்கள். ‘இன்னும் ஒன்றும் நடக்கவில்லை’ என்ற நிலை அமெரிக்கக் கரையில் இருந்தவர்களுக்கு மட்டுமே உண்மை. தூரம் என்பது நாட்களை மட்டும் சேர்ந்ததல்ல, வரைபடத்தையும் சேர்ந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இதே குழு 2012இல் வெளியிட்ட ஆய்வுகள், தூரம் இரண்டு பக்கமும் வேலை செய்வதைக் காட்டின. கார் மோதியது நேற்று என்றால் வேடிக்கையா, ஐந்து வருடத்துக்கு முன்பு என்றால் வேடிக்கையா என்று கேட்டபோது, ஏறக்குறைய எல்லோரும் ஐந்து வருடத்தைத்தான் சொன்னார்கள். கால் விரலை இடித்துக்கொண்டதைப் பற்றிக் கேட்டபோது பதில் தலைகீழானது: பெரும்பாலோருக்கு நேற்று இடித்துக்கொண்டதுதான் வேடிக்கை. பெரிய மீறலை ஆற்றத் தூரம் வேண்டும். சின்ன மீறலுக்குத் தூரம் கொடுத்தால் அது காணாமல் போய்விடும். இன்னொரு ஆய்வில், ஹைட்டி நிலநடுக்க நிவாரணத்துக்குக் கைபேசிக் குறுஞ்செய்தி வழியாகத் தன்னையறியாமல் நன்கொடை கொடுத்துவிட்ட ஒரு பெண்ணின் கதையைச் சொன்னார்கள். ஏறக்குறைய 2,000 டாலர் போனதாகச் சொன்ன கதை, அவள் முன்பின் தெரியாதவளாக இருந்தபோது அதிகச் சிரிப்பைத் தந்தது. தோழிக்கு நேர்ந்ததாக நினைத்துப் பார்த்தபோது 50 டாலர் கதைதான் அதிகம் சிரிக்கவைத்தது.

தீங்கில்லை என்ற உணர்வு தூரத்தால் மட்டும் வருவதில்லை. மீறப்படும் விதியின் மேல் நமக்கு எவ்வளவு பற்று என்பதையும் பொறுத்தது. 2010 ஆய்வில், ஆள் சேர்ப்பதற்காக ஒரு தேவாலயம் பிரம்மாண்டமான ‘ஹம்மர்’ காரைக் குலுக்கல் பரிசாக அறிவித்த கதையைக் கொடுத்தார்கள். தேவாலயத்துக்குப் போகிறவர்களும் போகாதவர்களும் அதைக் கேட்டு முகம் சுளித்தார்கள். ஆனால் சிரித்தவர்கள் போகாதவர்களிடையேதான் அதிகம். தப்பு என்று இருவருக்கும் தெரிகிறது, ஆனால் ஒருவருக்குத்தான் அது தன் வீட்டு விஷயம். ஒரே மேடைப் பேச்சில் பாதி அரங்கம் குலுங்கிச் சிரிக்க, மீதிப் பாதி இறுகிப்போய் உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் இதுதான். ‘உங்களுக்கு நகைச்சுவை உணர்வே இல்லை’ என்று அவர்களைச் சொல்வது அநியாயம். விதியை மதிக்கிறவருக்குக் காயம்தான் முதலில் தெரியும்.

இந்தக் கருத்து நகைச்சுவைத் துணுக்குகளுக்கு மட்டும் பொருந்துவதாக இருந்தால் எனக்கு இவ்வளவு ஆர்வம் வந்திருக்காது. வார்த்தையே இல்லாத கிச்சுகிச்சுக்கும் அது பொருந்துகிறது. அக்குள், விலா, கழுத்து, உள்ளங்கால் என்று கிச்சுகிச்சு மூட்டும் இடங்கள் பெரும்பாலும் எளிதில் காயம்படும் இடங்கள். அங்கே கை வைப்பது, பொய்யாகச் செய்யும் தாக்குதல். அம்மாவோ மாமாவோ செய்தால் குழந்தை விழுந்து விழுந்து சிரிக்கும். அந்நியன் செய்தால் பயந்து அலறும் என்று டார்வின் 1872இலேயே எழுதிவைத்தார். தனக்குத்தானே மூட்டிக்கொண்டால் எதுவும் ஆகாது. லண்டனில் சாரா-ஜெயின் பிளேக்மோரும் சக ஆய்வாளர்களும் 1998இல் இதற்கு மூளையில் காரணம் தேடினார்கள். நம் கை என்ன செய்யப்போகிறது என்பதைச் சிறுமூளை முன்கூட்டியே கணித்துவிடுவதால் தொடுஉணர்வு மங்கிவிடுகிறது. பிறகு நடத்திய சோதனையில், ஆள் தன் ஒரு கையால் ஓர் இயந்திரத்தை அசைக்க, அது அவருடைய மறு கையை வருடியது. அசைவுக்கும் வருடலுக்கும் இடையே நொடியில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று தாமதம் கூட்டக் கூட்ட, கிச்சுகிச்சு உணர்வும் கூடியது. கணிப்பு தவறியதும் சொந்தக் கையே வேறொருவர் கைபோல ஆகிவிட்டது. அந்நியனிடம் மீறல் மட்டும் இருக்கிறது. சொந்தக் கையில் பாதுகாப்பு மட்டும். அம்மாவின் கையில் இரண்டும் இருக்கின்றன.

எதிர்ப்பும் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ‘மீறல்’ என்ற சொல் ரப்பர்போல இழுபடுகிறது என்கிறார்கள். சிலேடைக்குச் சிரித்தால் மொழி விதி மீறப்பட்டது என்று சொல்லலாம், வழுக்கி விழுந்தவரைப் பார்த்துச் சிரித்தால் கண்ணிய விதி. எதற்குச் சிரித்தாலும், சிரித்தபிறகு ஒரு மீறலைத் தேடிப்பிடித்துவிடலாம். அப்படியானால் எந்தச் சிரிப்பும் இந்தக் கருத்தைப் பொய்யாக்கவே முடியாதே? மேலும், ராட்டினத்தில் தலைகீழாகச் சுழல்வதும் பேய்ப்படம் பார்ப்பதும்கூடத் தீங்கற்ற மீறல்தான், அங்கே சிரிப்பைவிடச் சிலிர்ப்பே அதிகம். ஒரே ஆபத்தை வைத்து எழுதிய இரண்டு வாக்கியங்களில் ஒன்று ஏன் வெடிக்கிறது, மற்றது ஏன் நமத்துப்போகிறது என்பதற்கும் இதில் விடை இல்லை. அது இன்னும் எழுதுபவரின் கையில்தான் இருக்கிறது.

முதல் எதிர்ப்புக்கு மட்டும் பதில் உண்டு: சிரிப்பு வருவதற்கு முன்பே, எது எப்போது வேடிக்கையாகும் என்று சொல்லிவைத்துச் சோதிப்பது. 2012 ஆய்வில் அதையும் செய்தார்கள். இரண்டு படங்கள். ஒன்றில் ஒரு மனிதன் மூக்குக்குள் விரலை விட்டிருக்கிறான், அது கண் வழியாக வெளியே வருகிறது. மற்றதில் ஒருவரின் தாடி பனியில் உறைந்துபோயிருக்கிறது. ஒவ்வொரு படத்தையும் சிலரிடம் நிஜம் என்றும் சிலரிடம் கணினியில் செய்த ஒட்டுவேலை என்றும் சொல்லிக் காட்டினார்கள். முன்கூட்டியே சொன்னபடி, விரல் படம் போலி என்று கேட்டவர்களுக்கு அதிக வேடிக்கையாக இருந்தது. உறைந்த தாடியோ, நிஜம் என்று நம்பியவர்களைத்தான் அதிகம் சிரிக்கவைத்தது.