சோதனை ஆட்டம்

அமெரிக்கக் கணிதவியலாளர் ரிச்சர்ட் கார்ஃபீல்டு, பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தபோது ‘மேஜிக்: தி கேதரிங்’ என்னும் சீட்டாட்டத்தை உருவாக்கினார். 1993இல் அது வெளிவருமுன் அவருடைய நண்பர்கள் மாதிரிச் சீட்டுகளைக் கொண்டு நெடுநாள் ஆடிப் பார்த்தனர். ஒரு சீட்டில், ‘எதிராளி அடுத்த முறையை இழப்பார்’ என்னும் பொருளில் ஓர் ஆங்கிலத் தொடர் இருந்தது. ஆங்கிலத்தில் இழத்தலுக்கும் தோற்றலுக்கும் ஒரே சொல். ஆகவே ஆடியவருள் ஒருவர், அடுத்த முறையில் எதிராளி தோற்றுவிடுவார் எனப் பொருள்கொண்டு, வெற்றியை உறுதிசெய்யும் சீட்டொன்று தம்மிடம் உள்ளதாகக் கார்ஃபீல்டிடமே கூறினார். பின்னர் அத்தொடர், ‘இதன்பின் மேலும் ஒரு முறை ஆடுக’ என்னும் பொருளில் மாற்றி எழுதப்பட்டது. ஆக்கியவர் எத்தனை முறை படித்திருந்தாலும் இக்குழப்பம் அவருக்குத் தோன்றியிராது. தாம் கருதியதையே அவர் சீட்டில் படிப்பார்.

ஓசூர்ப் பள்ளி மாணவர் சிலர் ஒரு சீட்டாட்டத்தை உருவாக்கியுள்ளதாகக் கொள்வோம். கிருஷ்ணகிரியில் சரக்கேற்றிய வண்டி சூளகிரி, ஓசூர், அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூரை அடைய வேண்டும். ரோஜா, தக்காளி, மாங்கூழ், இயந்திர உறுப்பு என்பன சரக்குகள். மொத்தம் 48 சீட்டுகள், ஆடுவோர் மூவர். சீட்டுகளைக் கெட்டித்தாளில் பென்சிலால் எழுதுவதே நன்று. அழகாக அச்சிட்ட சீட்டைக் குறைகூற ஆடுவோர் தயங்குவர். அழித்தெழுத ஆக்கியோரும் தயங்குவர்.

ஆட்டத்தை அறியாத மூவரை அமர்த்தி, விதித்தாளையும் சீட்டுக்கட்டையும் கொடுத்துவிட்டு, ஆக்கியோர் வாய்திறவாது அருகில் இருத்தல் வேண்டும். இதுவே கடினமான பகுதி. ஒருவர் தவறாக ஆடும்போது திருத்தத் துடிக்கும் நாவை அடக்குதல் எளிதன்று. ஆனால் கடையில் வாங்கியவர் வீட்டிற்கு விளக்கம் கூற எவரும் செல்லப்போவதில்லை.

முதற்குழு ஆடுகையில், ஒன்பதாம் நிமிடத்தில் ஒருவர் ‘நெரிசல்’ சீட்டை இறக்குகிறார். அதில், ‘எதிராளியின் வண்டி ஒரு முறை நிற்கும்’ என்றுள்ளது. “என் வண்டி இப்போது நின்றுகொண்டுதானே இருக்கிறது? ஒரு முறை நின்றாயிற்று” என்று கூறி, அடுத்தவர் தம் முறை வந்ததும் வண்டியை நகர்த்துகிறார். ‘முறை’ என்பது ஆடும் வாய்ப்பையும் குறிக்கும், தடவையையும் குறிக்கும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழிகளாகக் கலந்து வழங்கும் ஓசூரில், இத்தகைய சொல்லை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கொள்ளக்கூடும். இரண்டாம் குழுவில் வேறொரு வினா எழுகிறது. மூவர் ஆடும் ஆட்டத்தில் ‘எதிராளி’ யார்? ஒருவரா, இருவருமா? ஒரே வரியில் இரண்டு பிழைகள்.

பேச்சில் வெளிப்படாதவற்றையும் நோக்க வேண்டும். விதித்தாளை மீண்டும் புரட்டும் கை, தம் முறை வந்ததையே அறியாதிருப்பவர், கடைசிவரை இறக்கப்படாத சீட்டு ஆகியவை குறிப்பிற்குரியன. இவ்வாட்டத்தில் இருவர் ரோஜாவை இறுதிவரை கையிலேயே வைத்திருந்தனர்.

ஆட்டம் முடிந்தபின் “நன்றாக இருந்ததா?” என்று வினவினால், “இருந்தது” என்றே விடை வரும், நண்பர் மனம் நோகக்கூடாதல்லவா! “எந்த இடத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றீர்கள்?”, “ரோஜாவை ஏன் இறக்கவில்லை?” என நிகழ்ந்ததைச் சுட்டி வினவ வேண்டும். “ஒவ்வொரு முறையும் வாடி ஒரு புள்ளி குறைகிறது, பெங்களூரை அடையுமுன் ஒன்றும் மிஞ்சாது, அதற்குக் கூடுதல் புள்ளி தாருங்கள்” என்பது விடை. இதில் காரணமும் பரிகாரமும் கலந்துள்ளன. காரணத்தை ஏற்கலாம், பரிகாரத்தை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. புள்ளியைக் கூட்டுவதைவிட, இரு முறைக்கு ஒரு புள்ளி எனக் குறைவை மெதுவாக்குவது ஆட்டத்திற்குப் பொருந்தலாம்.

குறிப்பேட்டில் நேரம், நிகழ்ந்தது, என் ஊகம் என மூன்று பத்திகள் போதும். ‘9ஆம் நிமிடம், நெரிசலுக்குப் பின் வண்டி நகர்ந்தது, ஆட்டம் இரண்டு நிமிடம் நின்றது’ என்பது நிகழ்ந்தது. ‘சொல் குழப்பம்’ என்பது ஊகம். இரண்டையும் ஒன்றாக எழுதினால், பின்னர் ஊகத்தையே கண்டதாக நம்பிவிடுவோம். பக்கத்தின் தலைப்பில் சீட்டுக்கட்டு எத்தனையாம் வடிவம் என்பதும் இருத்தல் வேண்டும்.

அடுத்த வடிவத்தில் நெரிசல் சீட்டு மட்டும் மாறுகிறது: ‘ஒருவரைத் தேர்ந்தெடுக்க. அவர் தம் அடுத்த முறையில் வண்டியை நகர்த்தக் கூடாது.’ ரோஜாவின் கணக்கு அதற்கடுத்த வடிவத்திற்குக் காத்திருக்கும். இரண்டையும் சேர்த்து மாற்றினால், ஆட்டம் விரைந்தது எதனால் என்று கூற இயலாது.

இத்திட்டத்திற்கு ஓர் எல்லை உண்டு. ஒருவர் ஒரு சீட்டை முதன்முதலாகப் படிப்பது ஒரே ஒரு தடவைதான். விடையறிந்தவர்களிடம் புதிய தொடரைக் கொடுத்தால், அது தெளிவாகவே தோன்றும். ஆகவே மூன்றாம் ஆட்டத்திற்குப் புதிய மூவர் வேண்டும். நாற்பது பேர் கொண்ட வகுப்பில் இவ்வாறு பதின்மூன்று ஆட்டங்களே கிட்டும். அவற்றை முதல் வாரத்திலேயே செலவிட்டுவிடாமல், ரோஜாவின் கணக்கைப் பழைய குழுக்களைக் கொண்டே சோதித்துக்கொள்ளலாம். கணக்கிற்குப் புதிய கண்கள் தேவையில்லை.