அறிக்கை ஃபைலில் நேற்றுப் போட்ட திருத்தம் எங்கே போனது?

"சார், நேத்து நான் மாத்தி வெச்ச செலவு டேபிள் இதுல இல்லையே? பழைய நம்பரே இருக்கு."

நாலைந்து பேர் சேர்ந்து மாத அறிக்கை எழுதும் அலுவலகங்களில் மாதக் கடைசியில் கேட்கிற குரல் இது. விசாரித்தால் யாரும் அழித்திருக்க மாட்டார்கள். கம்ப்யூட்டரிலும் கோளாறு இருக்காது. அப்படியானால் அந்த டேபிள் எங்கே போனது?

அலுவலகத்தின் பொது ஃபோல்டரில் இருக்கும் வேர்டு ஃபைலை ஒருவர் திறந்தவுடன், அதே இடத்தில் `~$` என்று தொடங்கும் குட்டி ஃபைல் ஒன்று மறைவாக உருவாகிறது. திறந்தவரின் பெயர் அதில் பதிவாகும். இரண்டாவது ஆள் அதே ஃபைலைத் திறந்தால், இன்னார் திருத்திக்கொண்டிருக்கிறார் என்று வேர்டு சொல்வது அதை வைத்துத்தான். ஃபைலை அது இருக்கும் இடத்திலேயே திறந்தால் மட்டுமே இந்தக் காவல் வேலை செய்யும். நெட்வொர்க் மெதுவாக இருக்கிறது என்று ஒருவர் தன் டெஸ்க்டாப்புக்கு காப்பி எடுத்துக்கொண்டால், அந்த காப்பிக்கும் பொது ஃபோல்டரில் உள்ள ஃபைலுக்கும் அதன் பிறகு ஒரு தொடர்பும் கிடையாது. பென்டிரைவில் எடுத்துப்போனாலும், மெயிலில் அனுப்பினாலும் இதே கதைதான்.

ஒரு தொண்டு நிறுவனத்தின் மாவட்ட அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். ஜூன் மாத அறிக்கை. காலை 10 மணிக்குக் கள அலுவலர் ஃபைலைத் தன் டெஸ்க்டாப்புக்கு காப்பி செய்கிறார். 11 மணிக்குக் கணக்காளர் பொது ஃபோல்டரிலேயே அதைத் திறந்து, செலவு டேபிளைச் சரிசெய்து, சேவ் செய்து மூடுகிறார். மாலை 4 மணிக்குக் கள அலுவலர் தன் காப்பியைத் திரும்பக் கொண்டுவந்து போடுகிறார். இதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, மாற்றவா என்று விண்டோஸ் கேட்கிறது. தன்னுடைய ஃபைல்தானே என்று அவர் சம்மதிக்கிறார். கணக்காளரின் வேலை அந்த நொடியில் போய்விட்டது. இப்படி மேலெழுதப்பட்ட ஃபைல் ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது. சர்வரில் பழைய பிரதிகளைச் சேமிக்கும் ஏற்பாடு இருந்தாலொழிய மீட்க வழியில்லை.

போனது உடனே தெரிவதும் இல்லை. மாலையில் சேவ் செய்த ஃபைல் என்பதால் அதன் தேதியும் நேரமும் புதியதாகவே காட்டும். பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. சில நாள் கழித்து மொத்தத் தொகை பேரேட்டோடு ஒத்துப்போகாதபோதுதான் விஷயம் வெளியே வரும்.

இதற்கான முதல் விதி: ஏற்கெனவே உள்ள பெயரில் யாரும் சேவ் செய்யக் கூடாது. கை மாறும்போதெல்லாம் எண் ஒன்று கூட வேண்டும், அந்த எண்ணோடு கையின் அடையாளமும் சேர வேண்டும். பெயர் இப்படி இருக்கலாம்:

```
2025-06_MonthlyReport_v03_KN.docx
```

எந்த மாதத்து அறிக்கை, என்ன அறிக்கை, எத்தனையாவது பிரதி, கடைசியாகத் தொட்டவர் யார் என்ற நான்கும் இதில் உள்ளன. KN கணக்காளரின் பெயரெழுத்து. கள அலுவலருக்கு SR என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது அதே நாளை மறுபடி ஓட்டிப் பாருங்கள். கள அலுவலர் v03-ஐ எடுத்து, v04_SR என்று பெயர் மாற்றி வேலை செய்கிறார். அது தெரியாத கணக்காளரும் v03-ஐ எடுத்து v04_KN என்று சேவ் செய்கிறார். மாலையில் ஃபோல்டரைத் திறந்தால் இரண்டு v04 பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. மோதல் நடந்தேவிட்டது. ஆனால் அது கண்ணுக்குத் தெரிகிறது, யார் வேலையும் போகவில்லை. பெயர் விதியிடம் எதிர்பார்க்க வேண்டியது இவ்வளவுதான். மோதலையே தடுக்கும் சக்தி பெயருக்குக் கிடையாது.

இரண்டையும் ஒன்றாக்க, வேர்டின் Review பகுதியில் Compare என்பதற்குள் Combine இருக்கிறது. இரண்டு ஃபைலையும் காட்டினால் வித்தியாசங்களை வண்ணத்தில் குறித்துக் கொடுக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்து ஏற்றோ தள்ளியோ v05 ஆக சேவ் செய்யலாம். எக்செல்லில் இது இவ்வளவு சுலபமில்லை. அங்கே ஆளுக்கொரு ஷீட் என்று முதலிலேயே பிரித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

மோதலைக் குறைக்க வேண்டுமானால் எண்ணை முன்கூட்டியே பிடித்துவைக்க வேண்டும். வேலையைத் தொடங்கும் முன்பே, ஒரு எழுத்தும் மாற்றாமல், அடுத்த எண்ணில் ஒரு காப்பியைப் பொது ஃபோல்டரில் போட்டுவிடுங்கள்:

```
2025-06_MonthlyReport_v04_SR_WIP.docx
```

WIP என்றால் வேலை நடக்கிறது என்று பொருள். 11 மணிக்கு வரும் கணக்காளர் இதைப் பார்த்ததும், "எப்ப முடிப்பீங்க?" என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவார். முடித்தவர் அந்த மூன்று எழுத்தை எடுத்துவிட வேண்டும். மறந்துபோய் விடுமுறையில் கிளம்புகிறவர்கள் உண்டு. ஒரு நாளுக்கு மேல் WIP நின்றால் மற்றவர் கேட்டுவிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று பேசிவைத்துக்கொள்வது நல்லது.

பெயரில் ஆண்டை முன்னால் போட்டதற்குக் காரணம் உண்டு. நம் வழக்கப்படி நாள், மாதம், ஆண்டு என்று எழுதினால் ஃபோல்டரில் எல்லா மாதத்து 1-ஆம் தேதிகளும் ஒன்றாகப் போய் நிற்கும். ஆண்டு, மாதம், நாள் என்பது 1988-இல் வெளியான ஐஎஸ்ஓ 8601 தர விதியின் வரிசை. பெயர் வரிசையே கால வரிசையாகிவிடும். சாய்வுக்கோட்டை விண்டோஸ் ஃபைல் பெயரில் ஏற்றுக்கொள்ளவே செய்யாது என்பதால் நடுவில் சிறு கோடுதான் போட வேண்டும். 3 என்று எழுதாமல் 03 என்று எழுதுவதும் இதற்காகவே. இல்லாவிட்டால் சில இடங்களில் v10 போய் v2-க்கு முன்னால் உட்கார்ந்துகொள்ளும்.

final என்ற சொல்லுக்கு மட்டும் தடை போட்டுவிடுங்கள். final வந்தால் final2 வரும், பிறகு final_new வரும். அறிக்கை வெளியே போனது என்பதுதான் உண்மையில் தெரிய வேண்டிய செய்தி. போனதை பிடிஎஃப் ஆக்கி, பெயரில் SENT என்று சேர்த்து, தனி ஃபோல்டரில் வைத்தால் போதும்.

கூகுள் டாக்ஸ் போல எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதும் இடங்களில் v03, v04 என்று காப்பி எடுப்பது தேவையற்றது, குழப்பமும்கூட. அங்கே Version history பகுதியில் அன்றைய நிலைக்கு ஒரு பெயர் கொடுத்துவிடலாம். ஆனால் யாராவது ஒருவர் அதை டவுன்லோடு செய்து திருத்தத் தொடங்கினால் பழைய நோய் திரும்பிவிடும். டிராப்பாக்ஸில் இருவர் ஒரே சமயத்தில் மாற்றினால், இரண்டாவதை conflicted copy என்ற பெயரில் அதுவே தனியாக வைக்கிறது. குப்பை என்று நினைத்து அதைப் பலர் அழித்துவிடுகிறார்கள். அதில் ஒருவரின் முழு நாள் வேலை இருக்கலாம்.

இந்த விதிகளை மெயிலில் அனுப்பாதீர்கள், தேட வேண்டியிருக்கும். `00_README.txt` என்ற பெயரில் அந்த ஃபோல்டருக்குள்ளேயே எழுதிவையுங்கள். முதல் ஃபைலாக வந்து நிற்கும். ஐந்து வரிக்கு மேல் வேண்டாம், நீளமாக எழுதினால் ஒருவரும் படிக்க மாட்டார்கள்.