பெல்ட்டை இறுக்கினால் துணி எங்கே போகும்?

தொளதொளவென்ற கவுன் போட்ட அனிமேஷன் பாத்திரத்துக்குப் பெல்ட் கட்ட வேண்டும் என்றால், புதிதாகக் கற்பவர்கள் இடுப்பு பாகத்தைக் குறுக்கிவிட்டு, மேலே ஒரு வளையத்தை மாட்டிவிடுவார்கள். பார்த்தால் மணற்கடிகாரம் மாதிரி வழவழவென்று இருக்கும். சுருக்கே விழுந்திருக்காது.

கவுனின் சுற்றளவு 110 செ.மீ., இடுப்பு 70 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பெல்ட் இறுகும்போது மீதி 40 செ.மீ. துணி கரைந்துவிடாது, முன்னும் பின்னும் மடிந்து சுருக்காகிறது. குறுக்கிய உருவத்தில் அந்த 40 செ.மீ.யைத்தான் காணோம். எனவே பிளெண்டர் போன்ற மென்பொருளில் துணியைத் தொளதொளப்பாகவே விட்டு, அதைப் பெல்ட்டால் நெருக்குவதுதான் முறை.

கவுனைத் தோளில் மட்டும் பிடித்து நிறுத்தி, அதற்கு Cloth என்ற அமைப்பைக் கொடுக்க வேண்டும். உடம்புக்கும் பெல்ட் வளையத்துக்கும் Collision. வளையம் முதலில் கவுனுக்கு வெளியே, 120 செ.மீ. சுற்றளவில் நிற்கட்டும். 60 ஃபிரேமுக்குள் மெதுவாக 76 செ.மீ.க்கு வரட்டும், அவசரப்படுத்தினால் துணி வளையத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். ஏன் 70 இல்லை? மடிந்த துணிக்கும் இடம் வேண்டுமே. 76 என்றால் சுற்றிலும் ஏறக்குறைய 1 செ.மீ. இடைவெளி கிடைக்கும். அதற்குத் தகுந்தபடி Collision பகுதியில் இருக்கும் தடிமன் அளவுகளைச் சில மில்லிமீட்டருக்குக் குறைக்க வேண்டும். குறைக்காவிட்டால் இடுக்கில் மாட்டிய துணி வெடவெடவென்று நடுங்கும். மடிப்புகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து தெரிந்தால் Self Collisions போடவில்லை என்று பொருள்.

இவ்வளவு செய்தும் சுருக்கு தடித்தடியாக விழுகிறதா? பெரும்பாலும் கண்ணிகள்தான் காரணம். கணினித் துணி சின்னச் சின்னக் கட்டங்களால் ஆனது. கட்டத்தின் ஓரங்களில்தான் மடியும். ஒரு மடிப்பு வளைந்து தெரிய நாலைந்து கட்டமாவது தேவை. கட்டம் 3 செ.மீ. என்றால் விரல் அகலச் சுருக்கு பிறக்கவே வழியில்லை. இடுப்பைச் சுற்றியாவது அரை செ.மீ. அளவுக்குப் பிரித்துக்கொள்ளலாம், கணக்கிட நேரம் கூடும் என்றாலும். அதோடு, விறைப்பைக் கூட்டினால் மடிப்பு பெரிதாகும். குறைத்தால் பட்டுத்துணி போலப் பொடிச்சுருக்கு விழும்.

நம்பவைப்பதில் பாதி வேலை பெல்ட்டுக்கு மேலேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். துணியை இறுக்கிய பிறகு வளையத்தை 5 செ.மீ. மேலே நகர்த்துங்கள். உராய்வு போதுமான அளவு இருந்தால் துணியும் கூடவே ஏறும். மேல்பாகம் தளர்ந்து, பெல்ட்டின் விளிம்பை மூடினாற்போல உப்பித் தொங்கும். கீழே கவுனின் ஓரமும் ஏறக்குறைய அதே 5 செ.மீ. உயரும். ஓரம் அசையாமல் இருந்தால் பெல்ட் ஒட்டவைத்தது போலவே தெரியும். இடுப்பில் நெருக்கமாகக் கிளம்பும் சுருக்குகள் கீழே போகப்போக இரண்டு மூன்றாகச் சேர்ந்து அகன்ற மடிப்பாகின்றனவா என்றும் பாருங்கள். பாவாடை ஓரம் வரை ஒரே சீராக ஓடினால் அது சுருக்கில்லை, இஸ்திரி போட்ட பிளீட்.

வளையத்தை மறைத்துவிட்டு, அந்த இடத்தில் உண்மையான பெல்ட்டை வைத்தால் போதும். துணிப்பட்டை கட்டுவதாக இருந்தால் முடிச்சை மட்டும் கையாலேயே உருவாக்குவது நல்லது. முடிச்சுப் போடுவதைக் கணினியிடம் விட்டால் பொழுது போய்விடும்.