களிக்குத் துணை கொள்ளு

தருமபுரி ஜில்லாவில் கேழ்வரகுக் களியின் பெருமையை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மானாவாரிப் புன்செய்யில் விளையும் கேழ்வரகும் சாமையுமே அங்கே பல தலைமுறைகளாக மக்களின் தேகத்தைத் தாங்கி வந்தவை. இடையில் அரிசிச் சோறு அவற்றைச் சற்று ஒதுக்கிவிட்டது. 2023-ம் ஆண்டில் இந்த ஜில்லாவிலும் நீலகிரியிலும் ரேஷன் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு பெற்றுக்கொள்ள வழி பிறந்தது. களி மீண்டும் அடுப்பேறியது நல்லதே. ஆனால் அந்தக் களிக்குத் துணை என்ன என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

கேழ்வரகு உண்டால் புரதத்திற்குக் குறைவில்லை என்று பலர் நம்புகின்றனர். உண்மை அதுவன்று. 100 கிராம் கேழ்வரகில் உள்ள புரதம் சுமார் 7 கிராம். அரிசியில் இருப்பதைவிடச் சற்றுக் குறைவே. கேழ்வரகின் சிறப்பெல்லாம் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தில் இருக்கிறது. புரதத்திற்கு நாம் நாட வேண்டியது அதே புன்செய்யில் விளையும் கொள்ளும் துவரையும் அவரையும்தான். 100 கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம் உண்டு; துவரம் பருப்பிலும் ஏறத்தாழ அவ்வளவே.

அளவு மட்டுமன்று, தரமும் கவனிக்கத்தக்கது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் பல கோத்த மாலை போன்றது. அவற்றுள் லைசின் என்பது தானியங்களில் குறைவு, பருப்புகளிலோ மிகுதி. பருப்புகளில் குறைவான கந்தகம் சேர்ந்த அமிலங்கள் தானியங்களில் போதுமான அளவு உள்ளன. ஆகவே களியும் கொள்ளும் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகின்றன. இரண்டையும் ஒரே கவளத்தில் உண்ண வேண்டும் என்பதில்லை. ஒரே நாளில் சேர்ந்தால் போதும். தானியம் மூன்று பங்கு, பருப்பு ஒரு பங்கு என்பது நினைவில் கொள்ளத்தக்க கணக்கு.

எவ்வளவு தேவை? குன்னூரில் தோன்றி, 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறிய உணவு ஆராய்ச்சி நிலையம் 2020-ல் வகுத்த அளவின்படி, தேக எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 55 கிலோ எடையுள்ள ஒரு பெண்மணிக்கு இது சுமார் 46 கிராம்.

அப் பெண்மணியின் ஒரு நாள் ஆகாரத்தைப் பார்ப்போம். காலையில் 75 கிராம் கேழ்வரகு மாவில் கூழ். நண்பகலில் 100 கிராம் மாவும் 25 கிராம் அரிசி நொய்யும் சேர்த்த களி. இரவில் 100 கிராம் சாமைச் சோறு. ஆகத் தானியம் 300 கிராம். அதிலிருந்து கிடைக்கும் புரதம் சுமார் 22 கிராம். இவற்றுக்குத் துணை மிளகாய்த் துவையலும் நீர்த்த ரசமுமே என்றால் தேவையில் பாதிதான் தேறும், வயிறோ நிறைந்துவிடும். அதனால் குறை வெளியே தெரிவதில்லை. களியுடன் 50 கிராம் கொள்ளைக் கடைந்தும், இரவில் 50 கிராம் துவரம் பருப்பைக் குழம்பாக்கியும் உண்டால் இன்னும் 22 கிராம் சேரும். கூழில் 100 கிராம் தயிரைக் கரைத்தால் மேலும் 3 கிராம். மொத்தம் 47, கணக்கு நேராகிவிட்டது.

இதில் பிழை நேரும் இடங்கள் இரண்டு. முதலாவது, பருப்பைக் குழம்பின் அளவைக் கொண்டு மதிப்பது. மேலே சொன்ன எடைகளெல்லாம் வேகவைக்கும் முன் உள்ளவை. ஐவர் உள்ள வீட்டில் நாள் முழுவதற்கும் 100 கிராம் பருப்பே போட்டால் தலைக்கு 20 கிராம்தான். புரதம் 4 கிராமுக்குச் சற்று அதிகம். குழம்புச் சட்டி நிறைந்திருப்பது தண்ணீரால். ஆகையால் பானையில் இடும்போதே அளந்து, உண்போர் தொகையால் வகுத்துப் பார்ப்பதே சரி.

இரண்டாவது, கொள்ளை வேகவைத்த நீரை ரசமாக்கிக்கொண்டு, வெந்த கொள்ளை மாட்டுக்கு வைக்கும் வழக்கம். நீரில் இறங்குவது சுவையும் சிறிதளவு சத்துமே. புரதத்தின் பெரும்பகுதி கொள்ளிலேயே தங்கிவிடுகிறது. மாடு கொழுக்கும், வீட்டார் ரசம் குடிப்பார்கள்!

கொள்ளைப் பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ உண்ணலாகாது. புரதம் ஜீரணமாவதைத் தடுக்கும் பொருள்கள் அதில் உண்டு. இரவு முழுவதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் வேகவைக்க வேண்டும். இரு விரல்களுக்கிடையே நசுக்கினால் நடுவில் கடினமின்றி மசிய வேண்டும், அதுவே பதம். முளைகட்டி வேகவைத்தால் இன்னும் எளிதில் செரிக்கும்.

சிறு குழந்தைகளின் வயிறு களியின் பருமனைத் தாங்காது. அவர்களுக்குக் கடைந்த பருப்பையும் பாலையும் கூட்டிக் களியைக் குறைப்பது நலம். மூத்திரக் கோளாறு உள்ளோர் வைத்தியரைக் கேட்டே பருப்பின் அளவைக் கூட்ட வேண்டும். மற்றவர்கள் டப்பாவில் அடைத்த புரதப் பொடியைத் தேடு முன், தங்கள் வீட்டுக் கொள்ளுப் பானையை ஒருமுறை அளந்து பார்ப்பார்களாக.