85 ஜோடிகளில் பேசியவை 22

1971-ல் லான்செட் மருத்துவ இதழில் வியன்னா, கிரீன்வால்ட், டேவிஸ் என்ற மூவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஹாட்ஜ்கின் நோய் என்பது நிணநீர் மண்டலத்தைத் தாக்கும் புற்றுநோய். அந்த நோய் வந்த 101 பேரில் 67 பேர் முன்பே டான்சில் அறுவை செய்துகொண்டவர்கள். நோயில்லாத 107 பேரில் அப்படிச் செய்துகொண்டவர்கள் 43 பேர்தான். தொண்டையில் இருக்கும் டான்சில் ஒரு காவல் அரணாக இருக்கலாம், அதை எடுத்துவிட்டால் நோய்க்கு வழி திறக்கலாம் என்று அவர்கள் ஐயப்பட்டார்கள். அவர்களுடைய எண்களின்படி, டான்சில் எடுத்தவர்களிடம் நோயுள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் உள்ள விகிதம், எடுக்காதவர்களிடம் இருப்பதைப்போல 2.93 மடங்கு.

அடுத்த ஆண்டே ஜான்சன், ஜான்சன் என்ற இருவர் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வேறு வகையான ஆய்வோடு வந்தார்கள். வசதியான குடும்பங்களில்தான் அந்தக் காலத்தில் குழந்தைகளுக்கு டான்சில் அறுவை அதிகம் நடந்திருக்கும் என்றால், குடும்பப் பின்னணியே கணக்கைக் குழப்பிவிடும். அதனால் அவர்கள் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒப்பீடாக, நோயில்லாத உடன்பிறப்பையே எடுத்துக்கொண்டார்கள். அவர் ஒரே பாலினமாக இருக்க வேண்டும், வயது வித்தியாசம் ஐந்து ஆண்டுக்குள் இருக்க வேண்டும். இப்படி 85 ஜோடிகள் சேர்ந்தன. நோயாளிகளில் 41 பேரும் உடன்பிறப்புகளில் 33 பேரும் டான்சில் எடுத்தவர்கள். இரண்டையும் தனித்தனிக் கூட்டமாக வைத்துக் கணக்கிட்டதில் வந்த கை-வர்க்க மதிப்பு 1.53. குறிப்பிடத்தக்க வேறுபாடு என்று சொல்ல அது 3.84-ஐத் தாண்ட வேண்டும். தொடர்புக்குச் சான்றில்லை என்று முடித்துவிட்டார்கள்.

இதழுக்குக் கடிதங்கள் வந்தன. பார்த்துப் பார்த்து ஜோடி சேர்த்துவிட்டு, கணக்கில் ஜோடிகளைப் பிரித்துப் போட்டுவிட்டீர்களே என்பதுதான் அவற்றின் சாரம்.

ஜோடியாகவே வைத்துப் பார்த்தால் நான்கு வகை தெரிகிறது. இருவருமே டான்சில் எடுத்த ஜோடிகள் 26. இருவருமே எடுக்காதவை 37. நோயாளி மட்டும் எடுத்தவை 15. உடன்பிறப்பு மட்டும் எடுத்தவை 7. முதல் இரண்டு வகைகளும் ஒத்த ஜோடிகள். அண்ணன் தம்பி இருவருக்குமே டான்சில் இல்லை, ஒருவருக்கு நோய், மற்றவருக்கு இல்லை என்றால், அந்த வீட்டிலிருந்து டான்சிலைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. தகவல் கடைசி இரண்டு வகையில், அதாவது மாறுபட்ட 22 ஜோடிகளில்தான் இருக்கிறது. டான்சிலுக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லையென்றால், இந்த 22-ம் நாணயம் சுண்டியதுபோல ஏறக்குறையப் பாதிக்குப் பாதி பிரிந்திருக்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் உளவியல் பேராசிரியராக இருந்த குவின் மெக்னமார் 1947-ல் எழுதிய சோதனையின் அடிப்படை இவ்வளவுதான். 15-க்கும் 7-க்கும் உள்ள வித்தியாசம் 8. அதன் வர்க்கமான 64-ஐ 22-ஆல் வகுத்தால் 2.91. முன்பு வந்த 1.53-ஐவிட வலுவானது, ஆனால் இதுவும் 3.84-ஐத் தொடவில்லை.

தோராயச் சூத்திரத்தை விட்டு நேரடியாக நாணயக் கணக்கே போட்டால், 22-ல் குறைந்தது 17 ஒரே பக்கம் விழுந்திருந்தால்தான் தற்செயல் இல்லை என்று வழக்கமான ஐந்து சதவீத அளவுகோலில் சொல்ல முடியும். கிடைத்தது 15. ஆக, ஆய்வு ‘தொடர்பில்லை’ என்று காட்டியதா, அல்லது தொடர்பு இருந்தாலும் கண்டுபிடிக்கும் அளவுக்கு ஆய்வு பெரிதாக இல்லையா? இந்தக் கேள்விக்கு விடை சொல்வதுதான் மாதிரி அளவுக் கணக்கு.

எத்தனை ஜோடி வேண்டும்?

கணக்கை இரண்டு படியாகப் போடலாம். முதல் படியில், மாறுபட்ட ஜோடிகள் மட்டும் எத்தனை வேண்டும் என்று பார்க்கிறோம். முந்தைய ஆய்வு சொன்ன 2.93 மடங்கு உண்மை என்று வைத்துக்கொள்வோம். அப்போது மாறுபட்ட ஜோடிகளில் நோயாளி மட்டும் டான்சில் எடுத்தவை 3.93-க்கு 2.93, அதாவது 0.745 பங்கு இருக்கும். இதை p என்போம். உண்மையிலேயே தொடர்பு இருந்தால் அதை நூற்றுக்கு 80 முறை கண்டுபிடித்துவிட வேண்டும் என்பது மருத்துவ ஆய்வுகளில் வழக்கமாக வைக்கும் இலக்கு. அதற்குத் தேவையான மாறுபட்ட ஜோடிகள் m, மொத்த ஜோடிகள் n:

```
m = (0.98 + 0.84·√(p(1−p)))² / (p − 0.5)²
n = m / d
```

0.98 என்பது ஐந்து சதவீத அளவுகோலிலிருந்தும் 0.84 என்பது 80 சதவீத இலக்கிலிருந்தும் வரும் மாறாத எண்கள். p-க்கு 0.745 போட்டால் m 30-ஐச் சற்றே தாண்டுகிறது, எனவே 31 என்று கொள்கிறோம்.

இரண்டாம் படியில் வரும் d-தான் திட்டமிடுபவரைச் சோதிக்கிறது. மொத்த ஜோடிகளில் மாறுபட்டவை எத்தனை பங்கு இருக்கும் என்ற எதிர்பார்ப்பு அது. ஜான்சன்களின் ஆய்வில் அது 85-க்கு 22, அதாவது 26 சதவீதம். 31 மாறுபட்ட ஜோடிகள் கிடைக்க 120 ஜோடிகள் தேவைப்பட்டிருக்கும். அவர்களிடம் இருந்த 22 மாறுபட்ட ஜோடிகளை வைத்து, 2.93 மடங்கு தொடர்பு உண்மையாகவே இருந்தாலும் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு சுமார் 65 சதவீதம். தொடர்பு இரண்டே மடங்குதான் என்றால் 69 மாறுபட்ட ஜோடிகள் தேவை. அதற்கு 267 ஜோடிகளைத் தேடிப் பிடிக்க வேண்டும். எனவே 85 ஜோடிகளை வைத்துத் ‘தொடர்பில்லை’ என்று சொல்ல இடமில்லை.

d எங்கே வழுக்குகிறது?

ஆய்வு தொடங்கும் முன்பு 26 சதவீதம் என்று யாருக்குத் தெரியும்? பெரும்பாலும் கையில் இருப்பது இரண்டு பக்கத்து மொத்த சதவீதங்கள் மட்டுமே. நோயாளிகளில் 48, உடன்பிறப்புகளில் 39 என்று வைத்துக்கொள்வோம். இந்த இரண்டை மட்டும் வைத்து d-யைக் கணக்கிட முடியாது. அதே 41-ம் 33-ம் மாறாமல், மாறுபட்ட ஜோடிகள் 8-ஆகவும் இருக்கலாம், 74-ஆகவும் இருக்கலாம்.

இந்த இடத்தில் பலர் ஒரு சுலப வழியைப் பிடிக்கிறார்கள். ஜோடியில் உள்ள இருவரும் ஒருவரோடொருவர் சம்பந்தமில்லாதவர்கள் என்று எடுத்துக்கொண்டு பெருக்கிவிடுகிறார்கள். அப்படிப் பெருக்கினால் d ஏறக்குறைய 50 சதவீதம் வரும். 31-ஐ அதால் வகுத்தால் 62 ஜோடிகள் போதும், 85 தாராளம் என்று தோன்றும். ஆனால் உடன்பிறப்புகள் சம்பந்தமில்லாதவர்கள் அல்லர். ஒரே வீடு, ஒரே வருமானம், பெரும்பாலும் ஒரே மருத்துவர். ஒரு பிள்ளைக்கு டான்சில் எடுத்த வீட்டில் இன்னொரு பிள்ளைக்கும் எடுக்க வாய்ப்பு அதிகம். சம்பந்தமில்லாமல் இருந்தால் இருவருமே எடுத்த ஜோடிகள் 16 அளவில்தான் இருந்திருக்க வேண்டும். இருந்தவையோ 26. எதிர்பார்க்கக்கூடிய 42 மாறுபட்ட ஜோடிகள் 22-ஆகச் சுருங்கியது இப்படித்தான். நெருக்கமாக ஜோடி சேர்த்தால் குழப்பக் காரணிகள் விலகும். கூடவே பேசும் ஜோடிகளும் குறையும்.

அப்படியானால் மாறுபட்ட பங்கு குறைந்தாலே ஆய்வு பெரிதாக வேண்டும் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. எதை நிலையாகப் பிடித்துக்கொண்டு கேட்கிறோம் என்பதைப் பொறுத்து விடை தலைகீழாகும். மேலே நாம் நிலையாக வைத்தது 2.93 என்ற மடங்கு. இப்போது வேறொரு கேள்வி. ஒரே காசநோயாளியின் சளியை நுண்ணோக்கியிலும் பார்க்கிறோம், மரபணுச் சோதனையிலும் பார்க்கிறோம். இரண்டாவது சோதனை நூற்றுக்குப் பத்து பேரைக் கூடுதலாகக் கண்டுபிடிக்கிறதா என்று அறிய வேண்டும். இங்கே நிலையாக இருப்பது மடங்கு அல்ல, பத்து சதவீதப் புள்ளி என்ற வித்தியாசம். இரு சோதனைகளும் 20 சதவீதம் பேரிடம் மாறுபடும் என்றால், அந்த 20-ம் 15-க்கு 5 என்று பிரிந்திருக்க வேண்டும். நாணயம் நன்றாகச் சாய்ந்திருக்கிறது. சுமார் 155 நோயாளிகள் போதும். 50 சதவீதம் பேரிடம் மாறுபடும் என்றால் பிரிவு 30-க்கு 20. சாய்வு லேசானது, அதைக் கண்டுபிடிக்கச் சுமார் 390 பேர் வேண்டும். மடங்கை நிலையாக வைத்தால் d குறையக் குறைய ஆய்வு பெரிதாகிறது. வித்தியாசத்தை நிலையாக வைத்தால் d கூடக்கூடப் பெரிதாகிறது. அதனால் ஓர் ஆய்வு முன்மொழிவில் ‘பாதுகாப்புக்காக d-யைக் குறைத்து எடுத்தோம்’ என்று எழுதியிருந்தால், முதலில் பார்க்க வேண்டியது அவர்கள் எதை நிலையாக வைத்தார்கள் என்பதை. வித்தியாசத்தை வைத்திருந்தால், அந்தப் பாதுகாப்பே ஆய்வைச் சிறிதாக்கியிருக்கும்.

ஊகத்தைத் திருத்திக்கொள்ளும் வழி

சிறிய முன்னோட்டம் நடத்தி d-யை அறியலாம், ஆனால் அதன் விடையை அப்படியே நம்பிவிட முடியாது. 40 ஜோடிகளில் 10 மாறுபட்டிருந்தால் 25 சதவீதம் என்போம். உண்மைப் பங்கு 15-லிருந்து 40 வரை எங்கும் இருக்கலாம். 31 மாறுபட்ட ஜோடிகளுக்கு அது 78 ஜோடிகளிலிருந்து 207 ஜோடிகள் வரை இழுக்கும்.

நல்ல வேளையாக மெக்னமார் சோதனையில் ஒரு வசதி உண்டு. ஆய்வின் நடுவில் ‘இதுவரை எத்தனை ஜோடிகள் மாறுபட்டிருக்கின்றன?’ என்று மட்டும் கேட்கலாம். எந்தப் பக்கம் சாய்ந்தன என்று கேட்கக் கூடாது. மொத்த எண்ணிக்கை மட்டும் தெரிந்தால் முடிவு எப்படிப் போகிறது என்று யாருக்கும் தெரியாது. எனவே அதைப் பார்த்து மாதிரி அளவைக் கூட்டிக்கொள்வது ஏமாற்று வேலை ஆகாது. ஆனால் அப்படிச் செய்யப்போகிறோம் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. d சரியாகவே 26 சதவீதம் என்றாலும், 120 ஜோடிகள் சேர்த்தால் 31 மாறுபட்டவை கிடைத்தே தீரும் என்பதில்லை. சராசரிதான் 31. ஏறக்குறையப் பாதி முறை அதற்குக் குறைவாகவே வரும். 140 ஜோடிகளுக்குத் திட்டமிட்டால், 31-ஐத் தொடாமல் போகும் வாய்ப்பு ஏழில் ஒன்றாகக் குறையும். செலவும் காலமும் இடம் கொடுத்தால் இதைவிட நேரான வழி ஒன்று உண்டு. மொத்த எண்ணிக்கையை முன்கூட்டி முடிவு செய்யாமல், ‘31 மாறுபட்ட ஜோடிகள் சேரும்வரை தொடர்வோம்’ என்று விதி வைத்துக்கொள்வது. அப்படி வைத்தால் d-யைத் தவறாக ஊகித்திருந்தாலும் தேவையான 31 கிடைத்துவிடும். தவறு, ஆய்வு எப்போது முடியும் என்ற தேதியில் மட்டும்தான் தெரியும்.