பேசாத முதல் பத்து நிமிடம்

மணி 7.02. திரையில் ஒரு பெண்ணின் முகம் வந்தது. முப்பது வயதிருக்கும். கைபேசியைத் தலையணையில் சாய்த்து வைத்திருந்ததால் படம் கொஞ்சம் கோணலாக இருந்தது. தாடையிலிருந்து நெற்றி வரைதான் தெரிந்தது. பின்னால் பச்சை பெயின்ட் அடித்த சுவர், பாதி திறந்த பீரோ. "வணக்கம்மா" என்றேன். பதில் இல்லை. உதடுகூட அசையவில்லை.

வீடியோ அழைப்பில் மனநல ஆலோசனை தருகிற எங்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. நேரம் கேட்டு, பணம் கட்டி, வேளை பார்த்து வந்து உட்கார்ந்தவர் வாயைத் திறக்க மாட்டார். அப்போது ஆலோசகர் செய்வதும் செய்யாமல் விடுவதும் அந்த செஷனின் போக்கையே தீர்மானித்துவிடும். அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். யாருடைய அந்தரங்கமும் வெளியே வந்துவிடக் கூடாது என்பதால், பல பேரிடம் பார்த்தவற்றைச் சேர்த்து ஒரே பெண்ணின் கதையாகச் சொல்கிறேன்.

2020-இல் நேர் சந்திப்புகள் நின்றுபோய் எல்லாம் திரைக்கு மாறிய புதிதில் நான் ஒரு தவறு செய்தேன். பேசாமல் உட்கார்ந்திருந்த ஒரு கல்லூரி மாணவரிடம் "ஹலோ, கேக்குதா? ஹலோ?" என்று நான்கு முறை கேட்டேன். பிறகு, "ஏன் பேச மாட்டேங்கறீங்க?" என்றும் கேட்டுவிட்டேன். அவர் இணைப்பைத் துண்டித்தார். திரும்ப வரவே இல்லை. எனக்கு அது நெட்வொர்க் பற்றிய கேள்வி. அவர் காதில் அது அதட்டலாக விழுந்திருக்கிறது.

நேரில் ஒருவர் மௌனமாக இருந்தால் அந்த மௌனம் எங்கிருந்து வருகிறது என்று ஓரளவு தெரியும். மூச்சு கேட்கும், விரல்கள் புடவைத் தலைப்பை முறுக்குவது தெரியும். திரையில் அப்படியில்லை. மைக் அணைந்திருக்கலாம், படம் உறைந்திருக்கலாம், கதவுக்குப் பின்னால் மாமியார் நிற்கலாம், தொண்டை அடைத்திருக்கலாம். எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். போதாக்குறைக்கு, பின்னணிச் சத்தத்தை அடக்குகிற வசதி விசும்பலையும் மூச்சையும் சத்தம் என்று நினைத்து அழித்துவிடுவதுண்டு. எதிரில் இருப்பவர் அழுதுகொண்டிருப்பார், நமக்குச் சுத்தமான நிசப்தம் கேட்கும்.

அதோடு நேரம் பற்றிய நம் உணர்வும் ஏமாற்றும். பத்து மொழிகளின் உரையாடல்களை ஒப்பிட்டு 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒருவர் கேட்டு முடித்ததற்கும் மற்றவர் பதில் தொடங்குவதற்கும் இடையே சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் இடைவெளி என்று காட்டியது. அவ்வளவு வேகத்துக்குப் பழகிய காதுக்கு மூன்று நொடி மௌனமே கனமாக இருக்கும். இணைய இணைப்பு தன் பங்குக்குத் தாமதத்தைச் சேர்க்கும்போது அவருக்குப் பேச விருப்பமில்லையோ என்று தோன்றிவிடும். அந்தத் தோற்றத்தை நம்பி வாயைத் திறந்தால் கெட்டது.

அதனால் இப்போது நான் ஒரு வரிசையை விடாமல் கடைப்பிடிக்கிறேன். முதலில் கருவி, அடுத்து அறை, கடைசியில்தான் மனசு. முதல் இரண்டையும் அவரைப் பேசவைக்காமலே தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்தேன். இமைத்தார். உறைந்த படம் இமைக்காது. படம் ஓடுகிறது என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. (கண் தெளிவாகத் தெரியாவிட்டால் பின்னால் திரைச்சீலை அசைகிறதா, மின்விசிறியின் நிழல் சுழல்கிறதா என்று பார்ப்பேன்.) அவர் பெயருக்குப் பக்கத்தில் மைக் குறியின் மேல் சிவப்புக் கோடு இருந்தது. "உங்க முகம் எனக்கு நல்லாத் தெரியுது. மைக் அணைஞ்சிருக்கு, அது அப்படியே இருக்கட்டும். நான் பேசறது கேட்டா தலையை மட்டும் ஆட்டுங்க" என்றேன். ஆட்டினார்.

மைக்கைத் திறக்கச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அது அவர் கையிலிருக்கும் கதவு. தெரியாமல் அணைத்திருக்கலாம், வேண்டுமென்றே அணைத்திருக்கலாம். அணைந்திருக்கிறது என்று சொல்வது தகவல். திறங்கள் என்பது கட்டளை.

அடுத்து அறை. "பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்று எடுத்தவுடன் கேட்டுவிட முடியாது. என் குரல் ஸ்பீக்கரில் ஒலித்தால் பக்கத்தில் இருப்பவருக்கும் அது கேட்கும், கேட்ட பிறகு அந்தப் பெண் பாடு என்ன ஆகும்? எனவே முதல் கேள்வி, "இயர்போன் போட்டிருக்கீங்களா?" காதோரம் முடியை ஒதுக்கி வயரைக் காட்டினார். அதன் பிறகுதான், "அறையில வேற யாராவது இருந்தா தலையை ஆட்டுங்க" என்றேன். ஒரு கணம் யோசித்தார். கைபேசியை எடுத்து மெல்லத் திருப்பினார். கட்டிலில் மூன்று வயதுக் குழந்தை வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. திரும்பவும் கைபேசி தலையணைக்கு வந்தது. கண் இரண்டு முறை இடது பக்கம் போய் வந்தது. "அந்தப் பக்கம் கதவா?" தலையசைப்பு. "ஹாலில் ஆள் இருக்காங்களா?" தலையசைப்பு.

கேள்விகளை ஆம், இல்லை என்ற அளவில் சுருக்கி வைத்ததால் மூன்று நிமிடத்துக்குள் இவ்வளவும் தெரிந்தது. பயமா என்றும் கேட்டேன். ஹாலில் இருப்பவர்களால் அவருக்கு ஆபத்து உண்டா என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும். இல்லை என்று தலையசைத்தார். ஆம் என்றிருந்தால் அன்றைய பேச்சே வேறு. எங்கே இருக்கிறார், பாதுகாப்பாகப் பேச எப்போது முடியும், யாரை அழைக்கலாம் என்பதோடு நின்றிருப்பேன்.

இனி மிச்சமிருப்பது மனசு. "சரிம்மா. இந்த 50 நிமிஷமும் உங்களுக்குத்தான். பேசினாலும் சரி, பேசாட்டியும் சரி. டைப் பண்ணணும்னா பண்ணலாம். கேமராவை அணைச்சுட்டுப் பேசறது சுலபமா இருந்தா அதுவும் செய்யலாம். நான் இங்கேயே இருப்பேன். கனெக்‌ஷன் போயிடுச்சோன்னு உங்களுக்குத் தோணக் கூடாதுங்கறதுக்காக நடுவுல ஒரு வார்த்தை சொல்வேன், அதுக்கு நீங்க பதில் சொல்ல வேண்டாம்" என்றேன்.

கடைசியில் சொன்னதுதான் திரைக்கே உரியது. நேரில் நான் அசையாமல் உட்கார்ந்திருந்தால் பொறுமை என்று புரியும். திரையில் அசையாமல் இருந்தால் என் படம்தான் உறைந்துவிட்டது என்று அவர் நினைப்பார். அதனால் தோளும் கையும் தெரிகிற மாதிரி கொஞ்சம் தள்ளி உட்காருவேன், அவ்வப்போது தலையசைப்பேன், ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒருமுறை "இருக்கேன்மா" என்பேன். குறிப்பு எழுதுவதில்லை. குனிந்தால் கை மேசைக்குக் கீழே போய்விடும், வேறு ஏதோ வேலை பார்க்கிறார் என்று நினைப்பார்கள்.

இன்னொன்றும் சொன்னேன். அவருடைய முகம் திரையின் மூலையில் அவருக்கே தெரிந்துகொண்டிருந்தது. அழப் போகிறவர் தன் முகம் கோணுவதைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் பார்த்தால் அழுகை நின்றுவிடும், பேச்சும் அதோடு போய்விடும். தன் படத்தை மறைத்துக்கொள்ளும் வழியைச் சொன்னேன். விரல் திரைக்கு அருகே வந்து போனது. தோள் கொஞ்சம் இறங்கியது.

சாட்டில் ஒரே ஒரு வார்த்தை வந்தது: "இருங்க".

இருந்தேன். மௌனத்தைப் பற்றி ஹெய்டி லெவிட் என்ற உளவியலாளர் 2001-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். சிகிச்சையில் பதிவான ஒலிநாடாக்களை, அதில் பேசியவர்களுக்கே போட்டுக் காட்டி, 'இந்த இடத்தில் பேசாமல் இருந்தீர்களே, உள்ளே என்ன நடந்தது?' என்று கேட்டறிந்த ஆய்வு அது. சிலர் ஓர் உணர்ச்சிக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். சிலர் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தார்கள். வேறு சிலரோ விலகிப் போய்க்கொண்டிருந்தார்கள், அல்லது இந்த ஆலோசகர் என்ன நினைப்பாரோ என்று தயங்கினார்கள். முதல் இரண்டு வகையில் குறுக்கே பேசுவது கெடுதல். பின்னவற்றில் பேசாமல் விடுவதுதான் கெடுதல். அன்று வந்த "இருங்க" முதல் வகையைச் சேர்ந்தது என்று நினைத்தேன். விலகிப் போகிறவர் காத்திருக்கச் சொல்ல மாட்டார்.

அந்தச் சொல் வராமல் கண் மட்டும் வெறித்துப்போயிருந்தால் கதை வேறு. தலையசைக்கச் சொன்னாலும் அசைப்பதில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பார்வை திரும்புவதில்லை என்றால் அவரை அந்த அறைக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும். "பாதம் தரையில படுதாம்மா? தரை சில்லுனு இருக்கா?" என்று உடம்பைத் தொட்டுக் கேட்கிற கேள்விகள் அதற்கு உதவும். சாக வேண்டும் என்ற எண்ணம் இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் சுற்றி வளைக்காமல் அதையே கேட்பேன். அதற்கும் தலையசைப்பு போதும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியே விட மாட்டேன். நம்பகமான ஒருவர் பக்கத்தில் வந்து சேரும்வரை இணைப்பிலேயே இருப்பேன். முதல் செஷனுக்கு முன்பே எல்லோரிடமும் மாற்று எண், இப்போது இருக்கும் முகவரி, நம்பகமான ஒருவரின் எண் மூன்றையும் எழுதி வாங்குவது இதற்காகத்தான். திரை சட்டென்று இருண்டால் தேடிக்கொண்டிருக்க நேரமிருக்காது. ஆலோசகர் கிடைக்காத நேரத்தில் அழைக்க அரசின் டெலி மானஸ் எண் 14416 என்பதையும் அப்போதே சொல்லிவைப்பேன்.

நிமிடங்கள் போயின. நான் ஐந்து முறை "இருக்கேன்மா" சொல்லியிருப்பேன். ஒருமுறை, "ஏதோ ஒண்ணு தொண்டை வரைக்கும் வந்து நிக்கற மாதிரி எனக்குத் தெரியுது, தப்பாவும் இருக்கலாம்" என்றேன். இந்த முறை எனக்கு கார்ல் ரோஜர்ஸிடமிருந்து வந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் மனநல மருத்துவமனையில் இருந்த, மிகக் குறைவாகவே பேசிய ஓர் இளைஞரோடு அவர் நீண்ட மௌனங்களில் உட்கார்ந்திருந்தார். நடுநடுவே தான் உணர்வதை யூகமாக மட்டும் சொல்வார், மறுக்கிற இடத்தை அவருக்கு விட்டுவைப்பார். அந்த அனுபவம் 1967-இல் வெளியான நூலில் பதிவாகியிருக்கிறது.

7.13-க்குச் சிவப்புக் கோடு மறைந்தது. மிகத் தாழ்ந்த குரலில், "அப்பா போய் நாப்பது நாள் ஆச்சு மேடம். இந்த வீட்டுல அழ இடமில்ல" என்றார்.

குழந்தை பயந்துவிடும், நல்ல காரியம் நடக்கிற வீடு, தைரியமாக இரு என்று ஆளாளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கும் அவர் ஏதாவது சொல்லித் தேற்ற வேண்டியவராக இருந்துவிடுவேனோ என்ற பயத்தில்தான் மைக்கை அணைத்து வைத்திருந்தாராம். மிச்ச நேரத்தில் பெரும்பாலும் அவர் அழுதார். வாயில் துணியை வைத்துக்கொண்டு, சத்தம் வராமல்.

முடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு, அடுத்த முறைக்கு இரண்டு சைகைகளைப் பேசி வைத்தோம். உள்ளங்கையைக் காட்டினால் 'கொஞ்சம் நேரம் வேண்டும்'. காதைத் தொட்டால் 'யாரோ வந்துவிட்டார்கள்'. காதைத் தொட்டதும் நான் குழந்தையின் சாப்பாடு பற்றிப் பேசத் தொடங்க வேண்டும், கை கீழே இறங்கினால் நிறுத்த வேண்டும்.

அடுத்த வாரம் 7 மணிக்கு வந்தார். மைக் திறந்திருந்தது, பேச்சில்லை. நான் வணக்கம் சொல்வதற்குள் கை காதுக்குப் போனது. "பையன் காலையில இட்லி சாப்பிடறானா, இல்ல இன்னும் பால்தானா?" என்று ஆரம்பித்தேன். கேழ்வரகுக் கஞ்சி, வாழைப்பழம், சளி பிடிக்காத காய் என்று நான்கு நிமிடம் ஓடியது. கதவு மூடும் சத்தம் கேட்டது. கை இறங்கியது.

"இப்ப சொல்றேன் மேடம்" என்றார்.