முதலாளிக்குப் போகும் முதல் ஐந்து வரி

ஆடித் தள்ளுபடி முடிந்த மறுவாரம், ஒரு பர்னிச்சர் கடை முதலாளியின் போனுக்குப் பன்னிரண்டு பக்க அறிக்கை ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கடையும் எண்களும் விளக்கத்துக்காக நான் வைத்தவை. அறிக்கை இப்படித் தொடங்குகிறது:

“ஆடி மாதச் சிறப்பு விற்பனையை முன்னிட்டு நமது நிறுவனத்தால் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஆகிய தளங்களில் மூன்று வார காலத்துக்கு விளம்பரம் மேற்கொள்ளப்பட்டது. விளம்பரங்கள் 9 லட்சம் முறை காட்டப்பட்டு, மக்களிடையே நல்ல வரவேற்பைப் பெற்றன. 540 பேர் விசாரித்தனர். ஒரு விசாரிப்புக்கான செலவு 333 ரூபாய் மட்டுமே.”

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் முதலாளி இதைத் திறந்தபோது அவர் மனதில் இருந்த கேள்வி ஒன்றுதான்: தீபாவளிக்கும் இதே பணத்தைப் போடலாமா, வேண்டாமா? விளம்பர ஏஜென்சிக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். தச்சுப்பட்டறை ஆளும் வங்கி அதிகாரியும் வாசலில் நிற்கிறார்கள். அவர் இரண்டாம் பக்கம் வரை வருவார், அதற்கு மேல் வரமாட்டார்.

இந்த அறிக்கையைத் திருத்த உட்காருபவர் வாக்கியங்களில் கை வைக்கக் கூடாது. முதலில் முதலாளி எடுக்க வேண்டிய முடிவை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு, அந்த முடிவை மாற்றக்கூடிய எண் எது என்று அறிக்கை முழுக்கத் தேட வேண்டும். 9 லட்சம் முறை என்பது 18 லட்சமாக இருந்திருந்தாலும் தீபாவளி முடிவு மாறப்போவதில்லை. ஆகவே அது முதல் பக்கத்துக்கு உரியதல்ல.

மாற்றக்கூடிய எண், பில்லில் இருக்கிறது. விசாரித்த 540 பேரின் போன் எண்ணைக் கடை பில்களோடு ஒப்பிட்டால், வாங்கியவர்கள் 36 பேர். செலவு 1,80,000 ரூபாய். ஒரு வாடிக்கையாளரைக் கொண்டுவர 5,000 ரூபாய் ஆகியிருக்கிறது. இந்தக் கடையில் ஒரு பில்லுக்குக் கிடைக்கும் சராசரி லாபம் 4,500 ரூபாய். அதாவது வந்த ஒவ்வொருவருக்கும் கைநஷ்டம் 500 ரூபாய். “விசாரிப்புக்கு 333 ரூபாய் மட்டுமே” என்ற பெருமைக்குப் பின்னால் இது ஒளிந்திருந்தது.

அவசரக்காரர் இங்கேயே நிறுத்திவிடுவார். “ஃபேஸ்புக் விளம்பரம் நஷ்டம், நிறுத்திவிடலாம்” என்று தலைப்பில் போட்டு அனுப்பிவிடுவார். தெளிவான வரிதான், ஆனால் தவறான வரி. நீளமான அறிக்கையைவிட இது ஆபத்தானது என்பது என் கருத்து, ஏனென்றால் முதலாளி அதை உடனே நம்பிச் செயல்பட்டுவிடுவார்.

ஒன்பதாம் பக்கத்தில், யாரும் பார்க்காத ஓர் அட்டவணை இருக்கிறது: விசாரிப்புகள் ஊர்வாரியாக. அதைக் கடையின் டெலிவரி எல்லையோடு வைத்துப் பார்க்க வேண்டும். கடை 25 கிலோமீட்டருக்குள் மட்டுமே கட்டிலையும் பீரோவையும் கொண்டுபோய் இறக்கும். விளம்பரமோ 80 கிலோமீட்டர் சுற்றளவுக்குப் போயிருக்கிறது. 540 பேரில் 310 பேர் டெலிவரி இல்லாத ஊர்க்காரர்கள். அவர்களில் வாங்கியவர் இரண்டே பேர். எல்லைக்குள் இருந்து விசாரித்த 230 பேரில் 34 பேர் வாங்கியிருக்கிறார்கள். விசாரிப்புக் கணக்கில் செலவைப் பிரித்தால், எல்லைக்குள் ஒரு வாடிக்கையாளருக்கு ஆன செலவு ஏறத்தாழ 2,250 ரூபாய். லாபத்தில் பாதி கையில் நிற்கிறது.

நஷ்டத்துக்குக் காரணம் விளம்பரம் போன இடம். இதுதான் அறிக்கையின் தலையான செய்தி. பன்னிரண்டு பக்கத்தை எழுதியவருக்கும் இது தெரியாமல் போனதற்குக் காரணம், அவர் வேலை செய்த வரிசையிலேயே எழுதிக்கொண்டு போனதுதான்: திட்டம், படம், காட்டிய முறை, விசாரிப்பு, ஊர். கண்டுபிடிப்பு கடைசியில் வந்ததால் கடைசியிலேயே தங்கிவிட்டது.

வாக்கியத்தைத் தொடுவது இதற்குப் பிறகுதான். தமிழில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. “முன்னிட்டு”, “கருத்தில் கொண்டு”, “அடிப்படையில்” என்று தொடர்களைக் கோத்துக்கொண்டே போனால், என்ன ஆயிற்று என்பது ஐந்தாவது வரியில்தான் தெரியும். போனில் படிப்பவருக்கு அதற்குள் அழைப்பு வந்துவிடும். ஆகவே ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி, அதுவும் சின்ன வாக்கியத்தில். “மேற்கொள்ளப்பட்டது” என்பதற்குப் பதில் “போட்டோம்”. இன்னொன்று, பரிந்துரையில் வரும் “பரிசீலிக்கலாம்”, “ஆவன செய்யலாம்” போன்ற சொற்கள். யார், எப்போது, எவ்வளவு பணத்தில் என்று எதையும் இவை சொல்வதில்லை. முதலாளி “சரி” என்று பதில் போட்டால்கூட மறுநாள் காலை யாரும் எதையும் செய்ய முடியாது.

திருத்திய பிறகு அறிக்கையின் தலை இப்படி நிற்கும்:

“ஆடி விளம்பரத்தில் பாதிக்கு மேல் பணம் நாம் டெலிவரி செய்யாத ஊர்களுக்குப் போய்விட்டது. அதனால் ஒரு வாடிக்கையாளருக்கு 5,000 ரூபாய் ஆனது. நமக்கு லாபம் 4,500தான். டெலிவரி எல்லைக்குள் மட்டும் பார்த்தால் செலவு சுமார் 2,250 ரூபாய். தீபாவளிக்கு விளம்பரத்தை 25 கிலோமீட்டருக்குள் சுருக்கி, முதல் பத்து நாளுக்கு 60,000 ரூபாய் மட்டும் போட அனுமதி வேண்டும். ஒரு விசாரிப்புக்கு 650 ரூபாயைத் தாண்டினால் நிறுத்திவிடுவோம். வெள்ளிக்குள் உங்கள் பதில் தேவை.”

அந்த 650 எங்கிருந்து வந்தது? எல்லைக்குள் ஏறக்குறைய ஏழு பேர் விசாரித்தால் ஒருவர் வாங்குகிறார். 4,500ஐ ஏழால் வகுத்தால் 640 சொச்சம். அதற்கு மேல் போனால் லாபம் முழுவதையும் விளம்பரமே தின்றுவிடும். சுற்றளவைச் சுருக்கினால் அதே ஆட்களுக்கே விளம்பரம் திரும்பத் திரும்பப் போய், விசாரிப்பின் விலை ஏற வாய்ப்பு உண்டு. பழைய 333 அப்படியே நிற்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. அதனால்தான் நிறுத்தும் எல்லையையும் அனுமதியோடு சேர்த்தே கேட்கிறோம்.

தலைக்குக் கீழே இன்னும் ஒரு பத்தி போதும். அதில் கணக்கின் குறைகளை மறைக்காமல் சொல்ல வேண்டும். விளம்பரத்தைப் பார்த்துவிட்டு விசாரிக்காமலே நேரில் வந்து வாங்கியவர்கள் இந்த 36இல் இல்லை. எப்படியும் ஆடிக்கு வந்திருக்கக்கூடியவர்கள் சிலர் இதில் இருக்கலாம். 34 பில் என்பதும் சிறிய எண்தான். அடுத்த முறை 25 வரலாம், 45 வரலாம். முழுத் தொகைக்குப் பதில் பத்து நாள் சோதனை கேட்பது இதனால்தான். மீதிப் பதினொரு பக்கங்களைக் கிழித்துப் போட வேண்டாம். ஊர் அட்டவணை முன்னால் வர, மற்றவை பின்னிணைப்பாகப் போகட்டும். கணக்குப்பிள்ளை கேட்டால் எடுத்துக் காட்டலாம்.

1940 ஆகஸ்ட் 9 அன்று, பிரிட்டன் மேல் ஜெர்மன் விமானங்கள் பறந்துகொண்டிருந்த நாட்களில், பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சில் தன் அமைச்சரவைச் சகாக்களுக்கும் அவர்களின் அதிகாரிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். அதன் தலைப்பே ‘சுருக்கம்’ என்பதுதான். முக்கியச் செய்திகளைச் சிறு பத்திகளாகத் தரச் சொன்னார். விரிவான ஆய்வும் புள்ளிவிவரமும் பின்னிணைப்புக்குப் போகட்டும் என்றார். நம் கடை முதலாளி கேட்பதும் அதைத்தான்.

அனுப்புவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். இந்த விளம்பரத்தைப் பற்றி ஒன்றும் அறியாத ஒருவரிடம், பில் போடும் தம்பியாக இருந்தாலும் சரி, முதல் ஐந்து வரியை மட்டும் காட்டுங்கள். அரை நிமிடம் கழித்துப் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு, “முதலாளி இப்போது என்ன செய்ய வேண்டும்?” என்று கேளுங்கள். அவர் “25 கிலோமீட்டர், 60,000 ரூபாய், வெள்ளிக்கிழமை” என்று சொன்னால் அனுப்பிவிடுங்கள்.